ஆறு மணித் தண்ணீர்

எங்கள் ஊராட்சித் தலைவர் வீராயி மைக்கைப் பிடித்து "ரெண்டே வார்த்தை பேசிட்டு முடிச்சுக்கிறேன்" என்று சொன்னால், நான் உடனே வீட்டுக்கு ஆள் அனுப்பி மதியச் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். இருபது வருசமாக வெள்ளரியேந்தலில் மைக்செட் போடுகிறவன் நான். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கல்யாண வாழ்த்து என்று கேட்டுக் கேட்டு என் காது மரத்துப் போயிருக்கிறது. ஆனாலும் வீராயி பேசுகிறார் என்றால் கூலி இல்லாமலும் வருவேன். அவர் அளக்கிற கதைக்கு மரக்கால் கிடையாது.

போன தை மாதம் ஒருநாள் விடியற்காலை ஆறரை மணிக்குக் கூட்டம் போட்டார். இடம், ஊருக்குத் தெற்கே புதிதாக வைத்திருந்த சோலார் பம்பு செட்டடி. பனி இன்னும் விலகவில்லை. நான் ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கட்டி முடித்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது.

"அதான் பக்கத்துலயே இருபத்திரெண்டு சோலார் பலகை நிக்குதே, மைக்க அதுல சொருகு தம்பி" என்றார் வீராயி.

"சொருகினா மைக்கும் இருக்காது, மைக்செட்காரனும் இருக்க மாட்டான்" என்றார் சேவுகன். இவர் மின்சார வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "பலகையில இருந்து வர்றது நேர் கரண்டு, நானூறு அம்பது வோல்ட்டு. மோட்டார் ரூமுல இருக்கிற அந்தப் பொட்டிதான் அத மோட்டாருக்குத் தக்கபடி மாத்திக் கொடுக்கும். அது மோட்டாருக்கு மட்டுந்தான். அதுவும் இப்ப சூரியனே வரல, எங்கிட்டுருந்து கரண்டு வரும்?"

"பரவாயில்ல. என் தொண்டைக்கு எதுக்கு மைக்கு" என்று வீராயி மோட்டார் ரூம் படியில் ஏறி நின்றார். எனக்கு வேலை இல்லாமல் போனதால் முழுப் பேச்சையும் கேட்கக் கொடுத்து வைத்தது.

விசயம் என்னவென்றால், அந்தப் பம்பு ஆறு பேருக்குப் பொது. அந்த ஆறு பேருக்கும் முன்பு ஓர் ஆயில் எஞ்சின் பொதுவாக இருந்தது. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு முறை என்றால் இரண்டு மணி நேரம். அவரவர் முறையில் அவரவர் வயலுக்குத் தண்ணீர். காலையோ மாலையோ எஞ்சின் ஒரே அளவுதான் இறைக்கும். எஞ்சின் செத்துப்போய், அரசு மானியத்தில் ஏழரைக் குதிரைச் சக்தி சோலார் பம்பு வந்ததும், வீராயி அதே வழக்கப்படி பகலை ஆறாக வெட்டி ஒரு முறைப்பட்டியல் எழுதிவிட்டார். ஆறிலிருந்து எட்டு அங்கம்மாவுக்கு. நாலிலிருந்து ஆறு சேவுகனுக்கு. நடுவில் மூன்று பேர். பன்னிரண்டிலிருந்து இரண்டு வீராயிக்கு. ஆறு பேரும் கையெழுத்துப் போட்ட தாளைப் பத்து மணிக்கு அதிகாரி வந்து வாங்கிக்கொண்டால்தான் பம்பு ஊர்க் கைக்கு வரும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் வராது.

ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். சேவுகன்கூட, தன் முறையில் முதல் ஒரு மணி நேரமாவது தேறும் என்று போட்டுவிட்டார். பாக்கி அங்கம்மா. வீராயியின் அண்ணன் பெண்டாட்டி. அறுபது சென்டில் குண்டு மிளகாய் போட்டிருந்தார். செடி பூப்பிடித்து நிற்கிற நேரம். தண்ணீர் இல்லாமல் பூ உதிர ஆரம்பித்திருந்தது. அதை நினைத்து அந்தப் பெண்பிள்ளைக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் ஆறு வயலும் காயும். போட்டால் அவர் வயல் மட்டும் காயும்.

ஏனென்றால் வெள்ளோட்டம் விட்ட நாளில் சேவுகன் ஒரு காரியம் செய்திருந்தார். இருநூறு லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து, எந்நேரம் எவ்வளவு வேகத்தில் நிறைகிறது என்று பார்த்தார். கடிகாரம் பிடித்தது அங்கம்மா. பகல் பன்னிரண்டரைக்கு முக்கால் நிமிடத்தில் நிறைந்தது. ஒன்பது மணிக்கு இரண்டு நிமிடம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆறு நிமிடம். காலை ஏழே காலுக்கு டிரம்மின் அடிகூட நனையவில்லை. அளந்தவர்களைத் தவிர இது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை. கடிகாரத்தைப் பங்கு வைத்தால் தண்ணீரைப் பங்கு வைத்தது ஆகும் என்று நம்பி உட்கார்ந்திருந்தோம். அங்கம்மாவுக்கு நன்றாகவே உறைத்திருந்தது. அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

வீராயி தொண்டையைச் செருமினார்.

"ரெண்டே வார்த்தை. இந்தப் பம்பு சும்மா வந்துச்சா? நான் ஆபீசுக்குப் போனேன். 'ஏம்மா, பம்பு தர்றோம், உங்க ஊர்ல வெயில் இருக்கா'ன்னு கேட்டாக. நான் பேசல. முந்தானையில முடிஞ்சு கொண்டு போயிருந்த வெயில்ல ஒரு பிடி எடுத்து மேசை மேல வச்சேன். மேசை பொசுங்கிருச்சு. பேனா மை கொதிச்சு, தானா கையெழுத்துப் போட்டுருச்சு."

"மேசை பொசுங்குச்சு, முந்தானை பொசுங்கலையா ஆத்தா?" என்றார் சேவுகன்.

"நூல் சேலைண்ணே. நம்ம ஊரு நூலுக்கு நம்ம ஊரு வெயிலு பழக்கம்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு கிடைத்துவிட்டால் வீராயியைப் பிடிக்க முடியாது.

"பொறவு பலகை மாட்ட வந்தாக. தெக்குப் பார்த்துத்தான் மாட்டணும்னாக. சூரியன் என்னடான்னா நடு வானத்துல நேரா போயிக்கிட்டு இருக்காரு. கையத் தட்டிக் கூப்பிட்டு, 'கொஞ்சம் தெக்கால ஒதுங்கிப் போங்க சாமி, எங்க பலகை அங்கிட்டுத்தான் பார்க்குது'ன்னேன். அன்னையிலருந்து இன்னைவரைக்கும் ஒதுங்கித்தான் போறாரு. வேணுமின்னா மத்தியானம் அண்ணாந்து பாருங்க."

"தை மாசத்துல சூரியன் எப்பவும் தெக்க சாஞ்சுதான் போகும். அதுக்காகத்தான் பலகையவே தெக்குப் பார்த்து வைக்கிறது."

"எப்பவும்னு சொல்றீகளே, எனக்கு முன்னால இருந்த தலைவர் காலத்துல நீங்க பார்த்தீகளா?"

சேவுகன் யோசித்தார். பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. எங்களுக்கும் இல்லை. அந்தப் புள்ளி வீராயிக்குப் போனது.

"இந்த வேப்பமர நிழல் ஒரு பலகையில விழுந்துச்சு. ஒரே ஒரு பலகைதான். ஆனா வரிசையே சோந்து போச்சு."

"அது நெசம்" என்றார் சேவுகன். "பலகையெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாக் கோத்திருக்கு. ஒண்ணு மேல நிழல் விழுந்தா அந்தக் கோர்வை பூராம் கொறஞ்சு போகும்."

"நெசத்த நான் சொல்லையில குறுக்க வராதீகண்ணே, எனக்கே அபூர்வமா வருது. அந்த நிழல என்ன செஞ்சேன்? பாய் சுருட்டுற மாதிரி சுருட்டிக் கக்கத்துல வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். இப்ப எங்க வீட்டு மாட்டுக் கொட்டகையில விரிச்சிருக்கேன். மாடு இறங்கி வெயிலுக்கு வரவே மாட்டேங்குது."

கிளையை வெட்டியது நான். வெட்டும்போது கையில் கீறல் பட்டது இன்னும் ஆறவில்லை. காயத்தைத் தடவிக்கொண்டேன்.

"பொறவு சுவிச்சப் போட்டாக. தண்ணி வந்துச்சு பாருங்க. நூத்தம்பது அடி ஆழத்துல கெடந்த தண்ணி, ஒரே மூச்சுல மேல வந்து குழாய விட்டு எகிறுச்சு. பறந்துக்கிட்டு இருந்த காக்கா நனைஞ்சு வெள்ளையாப் போச்சு. இன்னைக்கும் அது கொக்குக் கூட்டத்தோடதான் திரியுது. எங்க எருமை அந்தப் பக்கமா மேய வந்துச்சு. தண்ணி அத அடிவயித்துல தூக்கி, பனை உசரத்துக்குக் கொண்டு போயி நிறுத்திருச்சு. சாயங்காலம் வரைக்கும் எருமை தண்ணி மேலயே நிக்குது. ஏணி போட்டு ஏறித்தான் பால் கறந்தேன்."

"இறக்குனது எப்படி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் எங்க இறக்குனேன்? பொழுது சாயச் சாயத் தண்ணி கொஞ்சங் கொஞ்சமாத் தணிஞ்சு, அதுவாப் பூப்போல இறக்கி விட்டுருச்சு. இதுக்கு பேட்டரி கெடையாதுல்ல. வெயில் எம்புட்டோ அம்புட்டுத்தான் தண்ணி."

அந்த இடத்தில் அங்கம்மா தலையை நிமிர்த்தினார். வீராயி கவனிக்கவில்லை.

"தண்ணி வாய்க்கால்ல ஓடி, கண்மாய நிரப்பி, வழிஞ்சு மறுகாப் பாஞ்சு, கடல்ல போயி விழுந்துச்சு. நம்ம தண்ணி ருசி கடல்ல இருந்த மீனுக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநா ஒரு வஞ்சிர மீனு வாய்க்கால ஏறி எங்க வரப்புக்கு வந்து, 'தலைவரே, இங்கயே ஒரு குடிசை போட்டுக்கிறட்டுமா'ன்னு கேக்குது. நான் கிராம சபையில வச்சுச் சொல்றேன்னுட்டேன்."

"அதுக்கு ரேசன் கார்டு உண்டா?"

"விண்ணப்பம் கொடுத்திருக்கு. இன்னொரு சங்கதி. வெள்ளோட்டத்தன்னைக்கு ஒரு மேகம் வந்து பலகைக்கு நேரா நின்னுச்சு. மோட்டார் சத்தம் அப்படியே இறங்குது. நான் வெளக்குமாத்த எடுத்து ஒரு கூட்டு. மேகம் பக்கத்து ஊருக்குப் போயிருச்சு. அங்க மழை. அந்த ஊர்த் தலைவர் எனக்கு நன்றி சொல்லிக் கடிதாசி போட்டிருக்காரு. அம்புட்டு ஏன், பௌர்ணமி அன்னைக்கு ராத்திரியில மோட்டார் தானா ஓடுச்சு. என்ன, தண்ணி கொஞ்சம் சில்லுனு வந்துச்சு."

சேவுகன் எழுந்தே விட்டார். "நிலா வெளிச்சத்துல பம்பு ஓடாது ஆத்தா. மேகம் மறைச்சதுக்கே பாதியா இறங்குற மோட்டாரு, நிலாவுக்கு இமைகூடத் தட்டாது."

"உங்க நிலாவுக்கு ஓடாது. எங்க வீட்டுக்கு மேல வர்ற நிலா வேற."

சேவுகன் உட்கார்ந்தார். சூரியன் பனங்காட்டுக்கு மேலே மெல்லத் தலையை நீட்டியிருந்தது. பலகைகளில் பனித்துளி நிறைய நின்றது. வீராயி பட்டியலைக் கையில் எடுத்துக் குரலை இறக்கினார். இறக்கினால் உருக்கம் வருகிறது என்று அர்த்தம்.

"பொதுக் காரியம்னா தலைவருக்குத்தான் கஷ்டம். உச்சி வெயில் முறைய யாரு எடுக்கிறது? மண்ட பொளக்கும். மயக்கம் வரும். அதனால பன்னெண்டுலருந்து ரெண்டு வரைக்கும் அந்த வெயில என் தலையில நானே தாங்கிக்கிறேன். எங்க மதினி வயசுல மூத்தவுக. அவுக வாடக்கூடாதுன்னு சில்லுனு ஆறு மணி முறைய அவுகளுக்கு வச்சிருக்கேன். மதினி, கையெழுத்தப் போடுங்க."

அங்கம்மா எழுந்தார். பேனாவை வாங்கினார். போடவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் நாத்துனா. ஆறு மணிக்குத் தண்ணி எப்படி வரும்?"

வீராயிக்கு அப்போது நிறுத்திக்கொள்ள வாய்ப்பு இருந்தது. சுமாராக வரும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எருமையைப் பனை உயரத்துக்கு ஏற்றிவிட்டு வந்த வாய் அது.

"ஆறு மணித் தண்ணியா? மதினி, அதுதான் தண்ணி. ராத்திரி பூராம் தூங்கி எந்திரிச்ச சூரியன் பாருங்க, புதுசா இருப்பாரு. முழு பலத்தோட இழுப்பாரு. எருமையத் தூக்குனது அந்தத் தண்ணிதான்."

"அப்ப உச்சி வெயில்ல?"

"உச்சியில அவரு அலுத்துப் போயிருவாரு. ஏறி வந்த களைப்பு. ஏதோ பேருக்குச் சொட்டுச் சொட்டா வரும். நான் ஒருத்தி அதுல முகம் கழுவி வயித்தக் கழுவிக்கிறேன். தியாகம்னு வந்துட்டா இதெல்லாம் பார்க்க முடியுமா."

"ஆறு மணித் தண்ணி ரொம்ப வேகமா இருக்குமோ?"

"மதினி, வரப்புல நிக்காதீக. வரப்போட சேர்த்து உங்களையும் அடிச்சுக்கிட்டுப் போயிரும். மிளகாச் செடிக்குப் போனா, காலையில பூ, எட்டு மணிக்குள்ள காயி, நீங்க கஞ்சி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வத்தலே ஆகிரும்."

அங்கம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா. இம்புட்டு நல்ல தண்ணிய எனக்குக் கொடுத்துட்டு, எங்க நாத்துனா சொட்டுத் தண்ணியில கெடந்து வாடணுமாம். நான் எங்க வீட்டுக்காரரு முகத்துல எப்படி முழிக்கிறது? என் தங்கச்சிய வெயில்ல போட்டுட்டியேன்னு கேக்க மாட்டாரா? தலைவரு குடும்பம் தழைக்கணும். ஆறு மணி முறை நாத்துனாளுக்கே இருக்கட்டும். அந்தக் களைச்சுப்போன மத்தியானத் தண்ணிய நான் வச்சுக்கிறேன்."

 பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு முன்னால் வந்து, என் தோளில் இருந்த துண்டு கீழே விழுகிற அளவுக்குப் போனது.  ஊராட்சித் தலைவராக வந்த நாலு வருசத்தில் வீராயி வாய் சொல் இல்லாமல் மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அதில்ல மதினி, உச்சித் தண்ணியும்..." என்று இழுத்தார்.

"இப்ப மணி ஏழே கால்" என்றார் சேவுகன், டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து. "உன் முறையில ஒன்னேகால் மணி நேரம் ஓடிருச்சு ஆத்தா. சுவிச்சப் போட்டுப் பார்த்துருவோமா? எருமை இருந்தாப் பிடிச்சுக் கட்டிக்கிடுங்கப்பா."

போட்டார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆழத்தில் மோட்டார் மெல்ல முனகியது. நாங்கள் எல்லோரும் குழாய் வாயைப் பார்த்தோம். குழாய் எங்களைப் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டது. மேலே பலகையிலிருந்து ஒரு பனித்துளி வழிந்து டிரம் விளிம்பில் விழுந்தது. அவ்வளவுதான்.

"மோட்டார் சுத்துது" என்று சேவுகன் விளக்கினார். "ஆனா இந்தச் சாய்வு வெயிலுக்கு மெதுவாத்தான் சுத்தும். குழாய்க்குள்ள பாதி வரைக்கும் தண்ணியத் தூக்கி வச்சிருக்கும். நூத்தம்பது அடியத் தாண்டி வெளிய தள்ளணும்னா இன்னும் வேகம் வேணும். எட்டு மணிக்குத்தான் ஒழுங்கா எட்டிப் பார்க்கும்."

எல்லாக் கண்ணும் வீராயி பக்கம் திரும்பின. அவர் படியை விட்டு இறங்கிக் குழாய்க்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பழைய முகம் திரும்பியிருந்தது.

"வருதுல்ல" என்றார்.

"எங்க வருது?"

"வேகத்துல உங்க கண்ணுக்குத் தெரியல."

அங்கம்மா பேனாவை நீட்டினார். "கண்ணுக்குத் தெரியாத தண்ணிக்கு நீ இன்னொரு கையெழுத்துப் போடு. எனக்குத் தெரியற தண்ணி போதும்."

பத்து மணிக்கு அதிகாரி வந்துவிடுவார். வீராயி பேனாவைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். அந்த நேரத்தில் சேவுகன்தான் கைகொடுத்தார். முறை தினமும் ஒரு படி நகரட்டும் என்றார். இன்று ஆறு மணிக்காரர் நாளை எட்டு மணி, நாளை மறுநாள் பத்து மணி. கடைசி முறைக்காரர் மறுநாள் விடியலுக்கு வரவேண்டும். ஆறு நாளைக்கு ஒருமுறை எல்லோருக்கும் உச்சி, ஆறு நாளைக்கு ஒருமுறை எல்லோருக்கும் பனி. பலகையைத் துடைக்கிற வேலை ஆறு மணி முறைக்காரருக்கு, சும்மாதானே நிற்பார்.

"இதத்தான் என் ரெண்டாவது வார்த்தையாச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மதினி அவசரப்பட்டுட்டாக" என்றார் வீராயி.

"சரி. மொத நாளு நான் கேட்டபடிதான்" என்று அங்கம்மா ஆறு மணி வரியிலும் பன்னிரண்டு மணி வரியிலும் பெயரை மாற்றித் திருத்தினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். பெயரை எழுத்து எழுத்தாகப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தார்.  

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு அங்கம்மா வயலில் தண்ணீர் பாத்தி பாத்தியாக ஏறி மினுங்கியது; மிளகாய் வேரெல்லாம் குடித்துக்கொண்டிருந்தன. வரப்போரம் முழங்கால் சேற்றில் நின்று பாத்தி திறந்துகொண்டிருந்த அங்கம்மா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

ஆனால் அதற்கு முன்னால், அன்றைக்கு விடியற்காலையிலேயே நான் அந்த வழியாகப் போனேன். வேறு காரியம் இல்லை, பார்க்கத்தான் போனேன். தலையில் முக்காடு போட்டு, தோளில் மம்பட்டியோடு, ஒரு கையால் பலகைப் பனியைத் துடைத்துக்கொண்டு வீராயி நின்றார். மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. குழாய் வாய் காய்ந்து கிடந்தது.

"என்ன தலைவரே, தண்ணி வருதா?" என்றேன்.

அவர் கிழக்கே கையை நீட்டிக் காட்டினார்.

"கெளம்பிருச்சு தம்பி. சூரியன் இருக்கிற தூரம் என்ன பக்கமா? நடந்துதான வரணும்."